58-க்கும் 65-க்கும் இடையில் என்ன இருக்கிறது?

பிரிட்டனில் இளங்கலை படிப்பவர்களின் கட்டுரை மதிப்பெண்கள் பெரும்பாலும் 40-க்கும் 75-க்கும் நடுவில்தான் விழும். 40 தேர்ச்சி. 50 முதல் 59 வரை இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு. 60 முதல் 69 வரை அதன் மேல்பிரிவு. 70-ஐத் தொட்டால் முதல் வகுப்பு. பள்ளியில் தொண்ணூறுக்குமேல் வாங்கிப் பழகிவிட்டு இங்கிருந்து போகும் பிள்ளை, முதல் கட்டுரைக்கு 58 வந்ததும் இடிந்துபோய்விடும். உண்மையில் அது தோல்வி இல்லை. 65 ஏழு மதிப்பெண் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தில் என்ன குறைந்தது என்பதைக் கட்டுரையோடு தரப்படும் மதிப்பீட்டு அட்டவணையே சொல்கிறது. அதை ரூப்ரிக் என்பார்கள்.

ரூப்ரிக் பார்ப்பதற்குப் பள்ளிக்கூட நேர அட்டவணை மாதிரி இருக்கும். இடப்பக்கம் அளவுகோல்கள்: வாதமும் பகுப்பாய்வும், சான்றுகளின் பயன்பாடு, கட்டமைப்பு, நடையும் மேற்கோள் முறையும். மேலே மதிப்பெண் பிரிவுகள். இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிரு வாக்கியங்கள். பெரும்பாலான மாணவர்கள் நேரே 70-க்கான கட்டத்துக்குப் போய், “மிகச் சிறந்த பகுப்பாய்வு” என்று படித்துவிட்டு, அட்டவணையை மூடிவிடுகிறார்கள். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு எழுதியதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

அதனால் ஒரு கட்டத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை ஒப்பிட்டுப் படியுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வாசகம் மாறும், ஆனால் வாதம் என்ற வரிசையில் 50-களின் கட்டம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: “போதிய புரிதல் உண்டு, பெரும்பாலும் விவரிப்பாகவே அமைந்துள்ளது, ஓரளவு பகுப்பாய்வு தெரிகிறது.” 60-களில்: “தெளிவான வாதம் கட்டுரை நெடுகத் தொடர்கிறது, மாற்றுக் கருத்துகளைக் கணக்கில் கொள்கிறது, நல்ல பகுப்பாய்வு.” 70-க்கு மேல்: “மாற்றுக் கருத்துகளை எடைபோட்டு, தன் முடிவை நியாயப்படுத்துகிறது, மிகச் சிறந்த பகுப்பாய்வு.” ஒரு பென்சிலை எடுத்து, “போதிய”, “ஓரளவு”, “நல்ல”, “மிகச் சிறந்த” எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அவை மதிப்பிடுபவரின் மனத்தில் உள்ள அளவைச் சொல்கின்றனவே தவிர, உங்களுக்கு ஒரு வேலையும் தருவதில்லை. மிஞ்சுபவை செயல்கள்: முதல் கட்டத்தில் விவரிப்பது, இரண்டாவதில் வாதத்தை நெடுகக் கொண்டுபோவது, மூன்றாவதில் மாற்றுக் கருத்தை எடைபோட்டு முடிவுக்கு வருவது. இந்த மூன்றையும் தாளில் விரல் வைத்துத் தேடிப்பார்க்க முடியும்.

தேடிப் பார்ப்போம். பிரிட்டிஷ் வரலாற்றுப் பாடத்தில் வரக்கூடிய கேள்வி ஒன்று: 1845-ல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தின் உயிரிழப்புக்கு அரசின் கொள்கை எந்த அளவுக்குக் காரணம்? சுமார் பத்து லட்சம் பேர் மாண்ட பஞ்சம் அது. ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மக்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். 50-களில் மதிப்பெண் வாங்கும் கட்டுரையின் ஒரு பத்தி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

“1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் பரவியது. பிரதமர் ராபர்ட் பீல் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் தருவித்தார். 1846-ல் ஜான் ரஸ்ஸல் பிரதமரானார். மக்களுக்குக் கூலி கொடுக்கச் சாலைப் பணிகள் நடந்தன. 1847-ல் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. பிறகு அவை மூடப்பட்டன.”

இதில் ஒரு தகவலும் தப்பில்லை. மாணவர் குழம்பிப்போவதும் அதனால்தான்: எல்லாம் சரியாக எழுதியும் ஏன் 58? அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அந்தப் பத்தி என்ன செய்கிறது என்று ஐந்தாறு சொற்களில் எழுதுங்கள். “1845 முதல் 1847 வரை நடந்தது” என்று எழுத நேர்ந்தால் அது விவரிப்பு. “1847-க்குப் பின் நேர்ந்த சாவுகளுக்கு அரசு பொறுப்பு” என்று எழுத முடிந்தால் அது வாதம். இன்னொரு சோதனையும் கைகொடுக்கும்: பத்தியின் முதல் வாக்கியத்தை மறுத்துப் பேச யாராவது இருக்க முடியுமா? 1845-ல் நோய் பரவியது என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆகவே அது வாதத்தின் தொடக்கமாக முடியாது.

இனி திருத்தம். மேலே உள்ள பத்தியில் உயிருள்ள தகவல் கடைசியில் ஒளிந்திருக்கிறது: கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன, மூடப்பட்டன. 1847 கோடையின் உச்சத்தில் நாள்தோறும் முப்பது லட்சம் பேர் வரை அந்தத் தொட்டிகளில் உணவு பெற்றார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள் அவற்றை மூடிவிட்டு, நிவாரணச் சுமையை அயர்லாந்தின் உள்ளூர் வரிகள்மேல் ஏற்றினார்கள். கால் ஏக்கருக்குமேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்ற விதியும் வந்தது. இதை முன்னுக்குக் கொண்டுவந்தால் பத்தி இப்படித் தொடங்கும்: “இத்தனை பேருக்குச் சோறிட முடியும் என்று 1847 கோடையில் அரசே காட்டிவிட்டது, அதன்பின் நேர்ந்த சாவுகளைப் பயிர் நோயின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.” இது மறுக்கக்கூடிய வாக்கியம். ஆகவே அடுத்துவரும் தகவல்கள் ஒவ்வொன்றும் அதைத் தாங்கி நிற்க வேண்டியிருக்கிறது. தாங்காதவற்றை வெட்டலாம்; பீல் தருவித்த மக்காச்சோளம் இந்தப் பத்திக்குத் தேவையில்லை.

அடுத்த கட்டம் எடைபோடுவது. “ஆனால் சிலர் இதை மறுக்கிறார்கள்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கணக்கில் கொள்வது மட்டுமே. எடைபோட வேண்டுமென்றால், உங்கள் வாதத்தை உண்மையாகவே உலுக்கக்கூடிய எதிர்வாதத்தை எடுக்க வேண்டும். இங்கே அது இருக்கிறது: 1846 அறுவடை ஏறக்குறைய முழுவதும் அழிந்தது, வெளிநாட்டுத் தானியம் பெருமளவில் வந்திறங்கியதோ 1847 வசந்தத்தில்தான். இடைப்பட்ட குளிர்கால மாதங்களில், மனமுள்ள அரசாலும் எல்லோரையும் காப்பாற்றியிருக்க முடியுமா? இந்தக் கேள்வியை நேராக ஏற்றுக்கொண்டால் கட்டுரையின் முடிவே மாறுகிறது. அந்தக் குளிர்காலத்தின் சாவுகளுக்கு அரசின் பொறுப்பு ஓரளவுதான். 1847 இலையுதிர் காலத்துக்குப் பிறகு பொறுப்பு மிகுதி. பாருங்கள், “எந்த அளவுக்கு” என்று கேட்ட கேள்விக்கு இப்போதுதான் ஓர் அளவு பதிலாகக் கிடைத்திருக்கிறது. முடிவுரையில் “பல காரணங்கள் இருந்தன” என்று எழுதிய வரி தானாகவே விழுந்துவிடும்.

சான்றுகள் என்ற வரிசைக்கு வருவோம். 50-களில் “தொடர்புடைய ஆதாரங்களைப் பயன்படுத்துகிறது”, 60-களில் “பரந்த வாசிப்பு”, 70-க்கு மேல் “ஆதாரங்களை விமர்சன நோக்கில் கையாள்கிறது” என்று இருக்கும். பரந்த வாசிப்பு என்றதும் நூற்பட்டியலில் எட்டுப் பெயர்களைக் கூட்டுவது வழக்கம். கட்டுரைக்குள் எந்த வாக்கியத்தையும் தாங்காத நூல், பட்டியலில் இருந்தாலும் மதிப்பெண் சேர்க்காது. ஒரு வண்ணப் பேனாவால் ஒவ்வொரு மேற்கோளையும் சுற்றி வட்டமிடுங்கள். ஒரு பத்தி முழுவதும் ஒரே நூலின் வட்டங்களாக இருந்தால், நீங்கள் அந்த நூலைச் சுருக்கி எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். அங்கேதான் இரண்டாவது நூல் தேவை.

விமர்சன நோக்கு என்பதையும் ஒரு வேலையாக மாற்ற முடியும். நிவாரணப் பணிகளை லண்டன் கருவூலத்திலிருந்து நடத்தியவர் சார்லஸ் ட்ரெவெல்யன். பின்னாளில், 1859-ல், சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்த அதே மனிதர். அரசின் நடவடிக்கைகளை ஆதரித்து 1848-ல் அவர் ஒரு நூல் எழுதினார். “ட்ரெவெல்யன் கூறுவதுபோல் நிவாரணம் வெற்றி பெற்றது” என்று எழுதும் மாணவர், குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலத்தைத் தீர்ப்பாக்கிவிடுகிறார். ஆதாரத்துக்கு முன்னால் மூன்று கேள்விகள் வையுங்கள்: எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதைக் காக்க எழுதினார்? 1847-லேயே பஞ்சம் முடிந்துவிட்டது என்ற பார்வையில் எழுதப்பட்ட நூல் அது. 1848-ல் பயிர் நோய் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டும் மக்கள் மாண்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அந்த நூலைப் பயன்படுத்தினால், அது நிவாரணத்தின் வெற்றிக்குச் சான்றாக இல்லாமல், அரசு ஏன் சீக்கிரம் கையை விரித்தது என்பதற்குச் சான்றாகிவிடும். ஓர் ஆதாரத்தை இப்படித் திருப்பிப் படிப்பதற்கு இரண்டு வாக்கியம் போதும்.

கட்டமைப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதிப் படியுங்கள். வாதம் அதில் தெரிய வேண்டும். இரண்டு பத்திகளை இடம் மாற்றியும் ஒன்றும் கெடவில்லையென்றால் அவற்றுக்கு நடுவே தொடர்பு எழுதப்படவில்லை. மேற்கோள் முறை, எழுத்துப்பிழை, சொல் வரம்பு ஆகியவற்றைக் கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம். வெட்டப்போகும் பத்தியின் அடிக்குறிப்பைச் சரிசெய்வது வீண் வேலை.

எதற்கு எவ்வளவு நேரம் என்பதையும் அட்டவணையிடமே கேளுங்கள். சில துறைகள் ஒவ்வொரு வரிசைக்கும் சதவீதம் போட்டிருக்கும். வாதத்துக்கு 40, நடைக்கு 10 என்று இருந்தால், மூன்று மாலைகளை மொழிப்பிழை தேடிச் செலவிடுவதில் பயனில்லை. கலைத்துறைகளில் பலவற்றில் சதவீதமே இருக்காது. மதிப்பிடுபவர் கட்டுரையை முழுதாகப் படித்து, எந்தப் பிரிவில் சேர்கிறது என்று தீர்மானித்தபின் எண்ணைப் போடுவார். அங்கே நான்கு வரிசைகளையும் கூட்டிக் கணக்குப் போட முடியாது. என் அனுபவத்தில் அப்படிப்பட்ட இடங்களில் வாதம் என்ற வரிசைதான் மற்றவற்றையும் சேர்த்து இழுக்கிறது: வாதம் தெளிந்தால் பத்திகளின் வரிசை தானே நேராகும், எந்த நூல் வேண்டும் வேண்டாம் என்பதும் புரியும்.

ரூப்ரிக்கால் பிடிக்க முடியாத குறை ஒன்று உண்டு. அது ஒரு துறையின் எல்லாக் கட்டுரைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. உங்கள் கேள்வி அதற்குத் தெரியாது. பஞ்சம் ஏன் வந்தது என்று அருமையாக எழுதினாலும், கேட்டது உயிரிழப்பைப் பற்றி என்றால் எல்லா வரிசையிலும் மதிப்பெண் சரியும். அதனால் அட்டவணையை எடுப்பதற்கு முன் கேள்வியைத் தாளின் உச்சியில் எழுதி, ஒவ்வொரு பத்தியின் ஓரக்குறிப்பையும் அதனோடு ஒப்பிட வேண்டும். முந்தைய கட்டுரையில் ஆசிரியர் எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். “விவரிப்பு மிகுதி” என்று அவர் எழுதியிருந்தால், எந்த வரிசையின் எந்தக் கட்டத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார் என்று இப்போது கண்டுபிடித்துவிடலாம். புரியவில்லையென்றால் ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் ஒரே ஒரு பத்தியைக் கொண்டுபோய், “இதில் எந்த வாக்கியம் விவரிப்பாக நிற்கிறது?” என்று கேளுங்கள். “எப்படி 65 வாங்குவது?” என்று கேட்டால் அட்டவணையிலிருந்தே பதில் வரும், வாக்கியத்தைக் காட்டிக் கேட்டால், அந்த வாக்கியத்துக்கான பதிலே கிடைக்கும்.