எத்தனை படம், என்ன அளவு?

சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளையில் ஒரு சேலை வியாபாரி இணையக் கடை திறக்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தா கட்டுமுன் மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதுகிறார்: "கட்டணத் திட்டத்தில் படம் போடும் வசதி உண்டா?" மறுநாளே பதில் வந்துவிடும்: "உண்டு சார்." அதில் பொய் இல்லை. சேலைக்கு ஒரே ஒரு படம் போட முடிந்தாலும் அது "உண்டு"தானே!

சேலைக்கு ஒரு படம் எந்த மூலைக்கு? உடல், முந்தானை, பார்டர், பிளவுஸ் துணி, கட்டிய தோற்றம் என்று ஐந்தாவது வேண்டும். 400 சேலை இருந்தால் 2,000 படம். செல்போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்று கணக்கிட்டால் மொத்தம் ஏறக்குறைய 8 ஜிபி. திட்டத்தில் கிடைப்பது 5 ஜிபி என்றால் சுமார் 250 சேலையோடு கடை நின்றுவிடும். அதே படங்களை ஏற்றும்போதே மென்பொருள் 200 கேபி அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் எல்லாம் 400 எம்பியில் அடங்கும். ஆக, சுருக்குகிறதா என்பதுதான் முதல் கேள்வி. சுருக்கினால் நுண்ணிய புட்டா மங்கிப்போகலாம். சோதனைக் கணக்கில் தன் சேலைப் படத்தையே ஏற்றி, பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

பின்னணியை நீக்கும் வசதி வேறு ரகம். விளம்பரத்தில் இருக்கும்; மாதத்துக்கு இத்தனை படம் என்ற வரம்பு கீழே பொடி எழுத்தில் இருக்கும். எனவே கடிதம் இப்படிப் போகலாம்:

"ஐயா, என்னிடம் 400 சேலைகள், ஒவ்வொன்றுக்கும் 5 படங்கள். உங்கள் மாதத் திட்டத்தில் ஒரு பொருளுக்கு எத்தனை படம் ஏற்றலாம்? மொத்த இடம் எவ்வளவு? படங்கள் தானாகச் சுருங்குமா? மாதம் எத்தனை படத்துக்குப் பின்னணி நீக்கலாம், அதற்கு மேல் படத்துக்கு என்ன கட்டணம்? சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா? சந்தாவை நிறுத்தினால் படங்களை மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியுமா? பதிலை மின்னஞ்சலில் தரவும்."

"வரம்பில்லை" என்று பதில் வந்தால், நியாயமான பயன்பாட்டு விதி என்ற பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். வரம்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் 1,000 ரூபாய் திட்டம் கையிலிருந்து 1,180 ஆகப் போகும்.

கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பல மென்பொருள்கள் பொருள் பட்டியலைக் கோப்பாகத் தரும். அதில் படங்கள் இருக்காது, படங்களின் இணைய முகவரிதான் இருக்கும். கணக்கை மூடியதும் அந்த முகவரி வேலை செய்யாமல் போகலாம். பதில் எப்படி வந்தாலும், எடுத்த அசல் படங்களைச் சேலை எண்ணைப் பெயராக வைத்து ஒரு ஹார்டு டிஸ்க்கில் தனியே சேமித்து வையுங்கள்.