தராசு முள் எப்போது நிற்கும்?

தொங்கும் சுருள்வில் தராசின் தட்டில் 2 கிலோ தக்காளியைச் சட்டென்று போட்டால், முள் 2-இல் நிற்காது. தாண்டிப் போய்த் திரும்பி ஆடும். எவ்வளவு தாண்டும், எப்போது அடங்கும் என்பதை இரண்டே எண்கள் சொல்லிவிடும்.

முதலாவது இயல்பு அதிர்வெண், ωn. வில்லின் விறைப்பு மீட்டருக்கு 200 நியூட்டன் என்றால், தட்டின் எடையை விட்டுவிட்டால், √(200/2), அதாவது வினாடிக்கு 10 ரேடியன். இரண்டாவது தணிப்பு விகிதம், ζ. ஆட்டத்தை உராய்வு எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறது என்பதன் அளவு அது. இங்கே 0.2 என்று வைப்போம்.

```
தாண்டல் = e^(-πζ/√(1-ζ²))
உச்ச நேரம் = π/(ωn√(1-ζ²))
அடங்கும் நேரம் ≈ 4/(ζωn)
```

தாண்டல் 53 சதவீதம்! 0.32 வினாடியில் முள் 3 கிலோவைத் தொட்டுவிடும். ஆட்டம் 2 சதவீதத்துக்குள் அடங்க 2 வினாடி ஆகும்.

எண்ணெய்த் தணிப்பான் பொருத்தி ζ-வை 0.6 ஆக்கினால் தாண்டல் 9.5 சதவீதம்தான், அடங்க 0.67 வினாடி. உச்சம் மட்டும் 0.39 வினாடிக்குத் தள்ளிப்போகும், அது பெரிய நஷ்டமில்லை. தாண்டலின் சூத்திரத்தில் ωn இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள்: வில்லை மாற்றினாலும், ζ அதுவேயானால் தாண்டலும் அதுவே. ζ 1-ஐ நெருங்கினால் கடைசிச் சூத்திரத்தை நம்ப வேண்டாம்.

அதே தணிப்பானோடு 4 கிலோ வைத்தால் அடங்கும் நேரம் இரட்டிக்கும். கனமான சரக்குக்குக் கொஞ்சம் பொறுத்தே முள்ளைப் படியுங்கள்.