போஸ்டரில் ஒரு லட்சம், கையில் நாற்பதாயிரம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 2009-ல் பென்ஆப்ஸ் என்ற ஹேக்கத்தானைத் தொடங்கினார்கள். இன்று நம் பொறியியல் கல்லூரிகளிலும் இரவெல்லாம் மாணவர்கள் மடிக்கணினியோடு விழித்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் மின்சாரமும் பரிசும் எங்கிருந்து வருகின்றன?

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 24 மணி நேரப் போட்டி. போட்டியாளர்கள் 160 பேர். தன்னார்வலர், நடுவர், வழிகாட்டிகளைச் சேர்த்தால் 200 வயிறு. இரண்டு மதியச் சாப்பாடு, இரவு உணவு, காலை டிபன், மூன்று முறை டீ என ஆளுக்கு 450 ரூபாய் வைத்தால் 90,000 ஆகிறது. பரிசுக்கு ஒரு லட்சம், டி-ஷர்ட்டுக்கும் சான்றிதழுக்கும் 40,000, அவசரத்துக்கு 30,000.

அரங்கம் கல்லூரியுடையதுதான், வாடகை இல்லை. ஆனாலும் 30,000 ஒதுக்கியாக வேண்டும். 160 மடிக்கணினிகள் தலைக்கு 65 வாட் இழுத்தால் 10 கிலோவாட்டைத் தாண்டுகிறது. ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல் பாக்ஸாகச் செருகினால் நள்ளிரவில் டிரிப் ஆகும். வயர் சூடேறினால் அதுவே அபாய அறிகுறி. சுமையைப் பல சர்க்யூட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்க எலக்ட்ரீஷியன் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும்.

ஆக மொத்தம் 2,90,000. கல்லூரி 40,000 தருகிறது என்று கொள்வோம். மீதி 2,50,000 ஸ்பான்சர்களிடமிருந்து: தங்கம் ஒருவர் ஒரு லட்சம், வெள்ளி இருவர் தலா 50,000, வெண்கலம் இருவர் தலா 25,000. தங்கத்துக்கு மேடையில் பேச நேரமும் அரங்கில் ஸ்டாலும் உண்டு. வெண்கலத்துக்கு பேனரில் லோகோ மட்டும்.

தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் தங்க ஸ்பான்சர் கடைசி வாரத்தில் பின்வாங்கினால் கையில் 1,90,000தான். உணவும் அரங்கும் அவசர நிதியும் 1,50,000-ஐ எடுத்துக்கொள்ளும். டி-ஷர்ட்டையும் சான்றிதழையும் கைவிட்டாலும் பரிசுக்கு மிஞ்சுவது 40,000. போஸ்டரிலோ ஒரு லட்சம் என்று போட்டாகிவிட்டது!

இன்னொரு சிக்கல், பணம் வரும் நேரம். பல நிறுவனங்கள் நிகழ்ச்சி முடிந்து பில் அனுப்பிய பிறகே பணம் போடும். கேட்டரிங்காரரோ முன்பணம் கேட்பார். கிளவுட் கிரெடிட்டாக வரும் ஆதரவையும் வரவில் எழுதிவிடுகிறார்கள். அதை வைத்துச் சாப்பாட்டுக்காரருக்குக் காசு கொடுக்க முடியுமா?

சாப்பாட்டில் வீணாவதும் அதிகம். இலவசப் பதிவு என்றால் பெயர் கொடுத்துவிட்டு வராதவர்கள் நிறைய. இரண்டு நாள் முன்பு ஒவ்வோர் அணியையும் போனில் அழைத்து உறுதி செய்த எண்ணையே கேட்டரிங்காரரிடம் சொல்ல வேண்டும். வேளைக்கொரு டோக்கன் கொடுத்தால் அடுத்த வேளைக்கு எவ்வளவு சமைப்பது என்பதும் தெரியும்.

ஹேக்கத்தான் நடத்தப்போகும் மாணவர்களே, ஸ்பான்சர் வாயால் சொன்னதை வரவில் எழுதாதீர்கள். தொகையும் தேதியும் உள்ள கடிதத்தை வாங்குங்கள். பணம் கல்லூரிக் கணக்கில் ஏறிய பிறகு பரிசுத் தொகையைப் போஸ்டரில் போடுங்கள்.