அடுப்பில் கரையாத சந்தேகம்

ஐம்பது கிலோ மைதா மூட்டைக்கு இரண்டரை கிராம். அரை டீஸ்பூன்கூட வராது. 2016 வரை ரொட்டி மாவில் பொட்டாசியம் புரோமேட் சேர்க்க இந்திய விதிகள் அனுமதித்த உச்ச அளவு இவ்வளவுதான்.

மாவைப் பிசையும்போது கோதுமைப் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. ஈஸ்ட் வெளியிடும் வாயுவை அந்த வலைதான் பிடித்து வைக்கிறது. வலை வலுவாக இல்லாவிட்டால் ரொட்டி உப்பாமல் அமுங்கிவிடும். புரோமேட் இந்தப் பிணைப்புகளை இறுக்குகிறது. அதுவும் அவசரப்படாமல். வைட்டமின் சி பிசையும்போதே வேலையை முடித்துவிடும். புரோமேட்டோ மாவு புளித்து எழும்பும் நேரத்திலும், அடுப்பில் நுழைந்த முதல் சில நிமிடங்களிலும் கைகொடுக்கும். மாவு சுமார் ரகமாக இருந்தாலும், பதம் சற்றுத் தப்பினாலும் ரொட்டி நன்றாக எழும்பி நிற்கும். விலையும் மலிவு. பேக்கரிக்காரர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அடுப்புச் சூட்டில் புரோமேட் முழுவதும் தீங்கு குறைந்த புரோமைடாக மாறிவிடும், ரொட்டியில் எதுவும் தங்காது என்பதே பல ஆண்டுகளாக இருந்த நம்பிக்கை.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் குடிநீரில் புரோமேட் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் சிறுநீரகங்களில் கட்டிகள் தோன்றின. பிறகு அளவிடும் கருவிகள் நுட்பமாயின. அனுமதித்த அளவில் சேர்த்துச் சுட்ட ரொட்டியிலும் மிச்சம் தெரிந்தது. அளவு கூடினாலோ, ரொட்டி சரியாக வேகாவிட்டாலோ மிச்சம் இன்னும் அதிகம். மரபணுவையே சேதப்படுத்தும் பொருள் என்பதால், 1992-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, மாவில் இதைச் சேர்ப்பது பொருத்தமல்ல என்றது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று நேரடியாக நிரூபிக்கப்படவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'தரக்கூடும்' என்ற பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் மாற்று கையில் இருக்கும்போது இந்த ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்?

பிரிட்டன் 1990-இலும் கனடா 1994-இலும் தடை விதித்தன. இந்தியா விழித்துக்கொண்டது 2016 மே மாதத்தில். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் வாங்கிய 38 ரொட்டி, பன், பாவ் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ பொட்டாசியம் அயோடேட்டோ இருந்தது. அடுத்த மாதமே புரோமேட்டுக்குத் தடை வந்தது. பெரிய ஆலைகளுக்கு அது பெரிய இழப்பல்ல. வைட்டமின் சியும் நொதிகளும் கலந்த இம்ப்ரூவர்கள் சந்தையில் கிடைத்தன.

ரொட்டியைப் பார்த்தோ அழுத்தியோ புரோமேட்டைக் கண்டுபிடிக்க முடியாது. பஞ்சுபோல் இருப்பது எதற்கும் சாட்சியல்ல. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி. ஜப்பான் முழுத் தடைக்குப் போகாமல், சுட்ட ரொட்டியில் மிச்சம் இருக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதிக்கிறது. அமெரிக்காவின் மத்திய அரசு 1991 முதல் பேக்கரிகளிடம் தாமாக விட்டுவிடச் சொல்லி வந்ததோடு சரி. கலிஃபோர்னியாவோ 2023-இல் சட்டமே இயற்றியது. அதன்படி அங்கே தடை 2027 ஜனவரியில் அமலாகிறது.