கீரையை நிறுத்தாதீர்கள், அளவை மாற்றாதீர்கள்

இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது நோயாளியின் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். வார்ஃபரின் மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும், கீரை சாப்பிடக் கூடாது என்று அதில் இருக்கும். இந்த மூன்றாவது வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுத வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ரத்தம் உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்கிறது. அவை வேலைக்குத் தயாராக வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மறுபடியும் எடுத்துக்கொள்ளும். வார்ஃபரின் இந்தப் புதுப்பிக்கும் வேலையைத்தான் தடுக்கிறது. கீரையோ புதிதாக வைட்டமின் கே கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே ஒருவருக்கு எத்தனை மில்லிகிராம் மாத்திரை என்பது, அவர் வழக்கமாக எவ்வளவு கீரை சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்தே முடிவாகிறது. ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை இதை அளந்து சொல்லும். மாத்திரை போடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கூடினால் ரத்தக்கசிவு வரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 48 வயதுப் பெண், மைட்ரல் வால்வு மாற்றியவர். தினம் 4 மி.கி., அதாவது வாரத்துக்கு 28 மி.கி. ஐ.என்.ஆர். 2.8. வாரம் இரண்டு நாள் வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல். "உனக்குக் கீரையே ஆகாதுக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால் அதை அடியோடு விட்டுவிட்டார். அடுத்த பரிசோதனையில் ஐ.என்.ஆர். 4.3. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். கீரையை நிறுத்தியதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. திங்கள், புதன், வெள்ளி 3 மி.கி., மற்ற நாள்களில் 4 மி.கி. என்று வாரத்துக்கு 25 மி.கி. ஆகக் குறைத்தார்கள். பிறகு புரட்டாசி வந்தது. வீட்டில் கறி, மீன் கிடையாது. கூட்டும் மசியலுமாகத் தினமும் கீரை. இவரும் மனம் கேட்காமல் சாப்பிட்டார். ஐ.என்.ஆர். 1.7. வால்வுக்கு இது ஆபத்தான எண்.

மாத்திரையில் கோளாறு எதுவும் இல்லை. மாறியது சாப்பாடு. விசாரித்த பிறகு மருத்துவர் பழைய 28 மி.கி.க்கே திரும்பினார். செவ்வாயும் சனியும் ஒரு கரண்டி கீரை, புரட்டாசியானாலும் அதே ஒரு கரண்டி என்று பேசி முடிவானது. அடுத்து எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் எண் வரம்புக்குள் நின்றது.

கீரையே தொடாதவர்களுக்கு ஐ.என்.ஆர். நிலையாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. உடலில் வைட்டமின் கே இருப்பு மிகக் குறைவாக இருந்தால், கல்யாண வீட்டில் ஒருவேளை சாப்பிட்ட கீரைக்கூட்டே எண்ணை ஆட்டிவிடும். கத்தரிக்காய், பூசணி, கேரட், உருளைக்கிழங்கு போன்றவற்றில் இந்த வைட்டமின் குறைவு. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். முட்டைக்கோஸில் ஓரளவு உண்டு. ரசத்தில் தூவும் கொத்தமல்லி கணக்கில் வராது. கட்டுக்கட்டாக அரைக்கும் துவையல் கணக்கில் வரும். துவாதசிதோறும் அகத்திக்கீரை சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடரலாம்.

சீட்டில் மருந்தின் அளவை மில்லிகிராமில், கிழமைவாரியாக எழுத வேண்டும். "ஒன்றரை மாத்திரை" என்று எழுதினால், 2 மி.கி. அட்டை தீர்ந்து 5 மி.கி. அட்டை வாங்கும் நாளில் அது விபரீதமாகிவிடும். மாலையில் ஒரே நேரத்தில் போடுவது நல்லது. காலையில் பரிசோதித்து அளவை மாற்றினால் அன்றே அமல்படுத்தலாம். மறந்துவிட்டால் அன்றிரவுக்குள் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் தீர்வதற்கு நாள் பிடிப்பதால், இன்று போட்ட மாத்திரையின் பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகும். அதனால் அவசரப்பட்டுக் கூட்டுவதில் பயனில்லை.

கீரை வரிக்குப் பதிலாக நான் எழுதுவது இது: "இதுவரை சாப்பிட்ட அளவே கீரை சாப்பிடுங்கள். கூட்டவோ குறைக்கவோ நினைத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். காய்ச்சலில் சில நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் சொல்லுங்கள்."

அதற்குக் கீழே இன்னும் ஒன்று. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள், இடுப்பில் ஊசி போட வருபவரிடம் வார்ஃபரின் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வலி இல்லையென்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.