போதை இறங்கிய பிறகும் இறங்காத காட்சிகள்

ஒருவர் தன் கையை முகத்துக்கு முன்னால் மெல்ல அசைக்கிறார். கை கடந்துபோன இடத்தில் அதன் நிழலுருக்கள் சற்று நேரம் நின்று மறைகின்றன. வெள்ளைச் சுவரைப் பார்த்தால், சிக்னல் இல்லாத பழைய டி.வி.யைப் போலப் புள்ளிகள் நெளிகின்றன. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம். இத்தனைக்கும் அவர் எல்.எஸ்.டி. எடுத்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

எல்.எஸ்.டி. போன்ற மாயக்காட்சிப் போதைப்பொருள்களை எடுத்த சிலருக்கு இப்படி நேர்கிறது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக எச்.பி.பி.டி. என்பார்கள். இது மனச்சிதைவு அல்ல. காண்பது நிஜமல்ல என்று அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் நிற்கவில்லையே என்பதுதான் பதற்றம். வலிப்பு, ஒற்றைத் தலைவலி, கண் நோய் எதுவும் காரணமில்லை என்று உறுதியான பிறகே மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

மருந்து உடம்பில் எங்கோ பதுங்கியிருந்து அவ்வப்போது கசிகிறது என்று ஒரு கதை உண்டு. அதை நம்ப வேண்டாம். எல்.எஸ்.டி.யின் பாதி சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். ஓரிரு நாளில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது.

அப்படியானால் மிஞ்சியது எது? அமெரிக்க மனநல மருத்துவர் ஹென்றி ஏப்ரஹாம் 1980களில் எல்.எஸ்.டி. பயன்படுத்தியவர்களின் பார்வையைச் சோதித்தார். விளக்கை விட்டுவிட்டு எரியச் செய்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் அது தொடர்ந்து எரிவதுபோலத் தோன்றும். அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த வேகத்திலேயே அப்படித் தோன்றியது. அதாவது, ஒரு மின்னலின் பதிவு அணைவதற்குள் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்கிறது. கையின் நிழலுருக்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

பார்த்ததை உடனே அடக்கி, அடுத்த காட்சிக்கு இடம்விடும் நரம்பணுக்கள் மூளையில் உண்டு. எல்.எஸ்.டி. பற்றிக்கொள்ளும் செரடோனின் ஏற்பிகள் அவற்றின் மேலும் இருக்கின்றன. அளவு மீறிய தூண்டலில் அவை சேதமாகி, அடக்குவது தளர்ந்துவிடுகிறது என்பது ஏப்ரஹாமின் ஊகம். அறிவுக்குப் பொருந்துகிறது, ஆனால் செத்த அணுக்களை மூளையில் யாரும் காட்டியதில்லை.

அதே ஏற்பியை அடைக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரை இதைத் தணித்திருக்க வேண்டும் அல்லவா? 1996இல் ஏப்ரஹாமும் சக மருத்துவரும் பதிவுசெய்த மூன்று நோயாளிகளுக்கோ அது தொல்லையைக் கூட்டி, பீதியையும் கிளப்பியது. அடக்கும் நரம்பணுக்களுக்குத் துணைபோகும் குளோனசெபாம் சிலருக்கு ஆறுதல் தந்திருக்கிறது. அதுவே பழக்கமாகிவிடும் மருந்து என்பது இன்னொரு சிக்கல்.

போதைப்பொருளைத் தொட்டே இராத சிலருக்கும் இதே புள்ளிகளும் நிழலுருக்களும் தெரிவதுண்டு. அதனால் எல்.எஸ்.டி. நோயை உண்டாக்குகிறதா, ஏற்கெனவே இருந்த பலவீனத்தைத் தட்டி எழுப்புகிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.