பல்தேர்வு வினாவில் பிழையான விடையை எப்படி வெட்டுவது?

பொதுச் சுகாதாரப் பாடநெறிகளுக்கான பரீட்சைகளை எழுதும் பிள்ளைகளிடம் "இந்த விடையை ஏன் வெட்டினீர்கள்?" என்று கேட்டால், பலர் "பார்க்கப் பிழை மாதிரி இருந்தது சேர்" என்பார்கள். அப்படி வெட்டுவது ஊகம்தான். ஒரு தெரிவை வெட்டுவதென்றால் வினாவில் தரப்பட்ட ஒரு தகவலைக் காட்டி, "இதனால் இது பொருந்தாது" என்று சொல்ல முடிய வேண்டும். நான் வகுப்பில் செய்விக்கும் ஒரு பயிற்சியைக் கொண்டே இதைப் பார்ப்போம்.

கலியாண வீடொன்றில் பகல் ஒரு மணிக்கு 100 பேர் சாப்பிடுகிறார்கள். பின்னேரம் நான்கு மணியளவில் 46 பேருக்கு வாந்தி, வயிற்றுவலி. காய்ச்சல் இல்லை. சோறு சாப்பிட்டவர்கள் 90 பேர், அவர்களில் நோயுற்றோர் 42. சாப்பிடாத 10 பேரில் 4. வட்டிலப்பம் சாப்பிட்ட 50 பேரில் 40, சாப்பிடாத 50 பேரில் 6. அச்சாறு சாப்பிட்ட 60 பேரில் 28, சாப்பிடாத 40 பேரில் 18. நோயைப் பரப்பியிருக்கக்கூடிய உணவு எது?

அவசரக்காரர் 42 என்ற பெரிய எண்ணைக் கண்டவுடன் சோற்றில் அடையாளம் போட்டுவிடுவார். சோற்றை ஏறக்குறைய எல்லோரும் சாப்பிட்டார்கள், ஆகவே நோயாளர்களிலும் அதிகமானோர் சோறு சாப்பிட்டவர்களாகவே இருப்பார்கள். பார்க்க வேண்டியது தாக்கு வீதம், அதாவது சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நோயுற்றார்கள், சாப்பிடாதவர்களில் எத்தனை பேர் என்பது. சோற்றுக்கு 47, 40. அச்சாறுக்கு 47, 45. இரண்டிலும் சாப்பிட்டதால் பெரிய வித்தியாசம் வரவில்லை, எனவே இரண்டையும் வெட்டலாம். வட்டிலப்பத்துக்கு 80, 12.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் தடுமாறுவதுண்டு. "வட்டிலப்பம் சாப்பிடாத 6 பேருக்கும் வருத்தம் வந்திருக்கிறதே" என்று சரியான விடையையே வெட்டிவிடுவார்கள். சாப்பிட்டதை மறந்தவர் இருப்பார், அதே கரண்டியால் வேறொன்றை எடுத்தவர் இருப்பார், வேறு காரணத்தால் வாந்தியெடுத்தவரும் இருப்பார். கள விசாரணையில் சாப்பிடாதவர்களின் வீதம் பூச்சியமாக அமைவது அரிது. (சஹனில் ஒன்றாகச் சாப்பிடும் நமது ஊர்களில், யார் எதைச் சாப்பிட்டார் என்று கேட்டு எழுதும் பரிசோதகரின் பாடு தனிப் பாடு.)

அடுத்த வினா: இதற்கு மிகப் பொருத்தமான காரணி எது? தெரிவுகள் ஐந்து: ஈரலழற்சி ஏ வைரசு, நெருப்புக் காய்ச்சல் பற்றீரியா, உணவு நஞ்சாதலை ஏற்படுத்தும் சல்மனெல்லா, பசிலஸ் சீரியஸ், ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ்.

வட்டிலப்பம் என்றதும் முட்டை, முட்டை என்றதும் சல்மனெல்லா என்று மனம் ஓடும். ஓட விடாமல் முதலில் நேரத்தைப் பாருங்கள். சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்தில் வாந்தி. ஈரலழற்சி ஏயின் நோயரும்பு காலம் 15 முதல் 50 நாட்கள். நெருப்புக் காய்ச்சலுக்கு வழமையாக ஒன்று, இரண்டு வாரங்கள். இரண்டும் போய்விட்டன. சல்மனெல்லாவுக்கு 6 முதல் 72 மணித்தியாலங்கள், அத்தோடு பெரும்பாலும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் இருக்கும். அதுவும் போகிறது.

மிஞ்சிய இரண்டையும் நேரத்தால் பிரிக்க முடியாது. பசிலஸ் சீரியஸின் வாந்தி வகை 1 முதல் 6 மணித்தியாலங்களில் வரும், ஸ்டெபிலோகொக்கஸ் வழமையாக 2 முதல் 4 மணித்தியாலங்களில். பலர் இந்தக் கட்டத்தில் காசு சுண்டுகிறார்கள். ஆனால் இன்னும் பயன்படுத்தாத ஒரு தகவல் கையில் இருக்கிறது. பசிலஸ் சீரியஸின் வாந்தி வகை அதிகம் தொடர்புபடுவது சமைத்து வெளியே வைத்த சோற்றோடு, சோற்றை நாம் முதல் வினாவிலேயே வெட்டிவிட்டோம். அவித்த வட்டிலப்பத்தைக் கையால் கிண்ணங்களில் பிரித்து மணிக்கணக்காக வெளியே வைத்தால், கையில் புண்ணுள்ள ஒருவரிடமிருந்து ஸ்டெபிலோகொக்கஸ் சேர்ந்து பெருகி நஞ்சைச் சுரக்க இடமுண்டு. பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. விடை ஐந்தாவது. உண்மையான விசாரணையில் மீதி உணவையும் வாந்தியையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் இதை உறுதிப்படுத்த முடியாது. அதனால்தான் வினாவில் "மிகப் பொருத்தமான" என்று இருக்கிறது.

டியூசன் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் ஒரு குறுக்குவழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஒருபோதும்", "மட்டுமே" போன்ற சொற்கள் வரும் தெரிவை வாசிக்காமலே வெட்டு என்பார்கள். "பெரியம்மை வைரசின் இயற்கை இருப்பிடம் மனிதன் மட்டுமே" என்பது ஒரு தெரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். "மட்டுமே" இருந்தும் அது முழு உண்மை. விலங்குகளில் அந்த வைரசு தங்கியிராததும், 1980இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்துவிட்டதாக அறிவிக்க முடிந்ததற்கு ஒரு காரணம். இச்சொற்களைக் கண்டால் விதிவிலக்கு ஒன்றைத் தேடுங்கள். ஒன்றாவது நினைவுக்கு வந்தால் வெட்டுங்கள், வராவிட்டால் அந்தத் தெரிவை விட்டுவைத்து மற்றவற்றைச் சோதியுங்கள்.

"பொருந்தாதது எது?" என்ற வினாக்களில் வெட்டும் கோடே குழப்பத்தைத் தரும். அவற்றில் ஒவ்வொரு தெரிவுக்கும் பக்கத்தில் "சரி" அல்லது "பிழை" என்று எழுதிக்கொண்டு, தனித்து நிற்கும் "பிழை"யை விடைத்தாளில் குறியுங்கள்.